நடுக்கம் நின்ற பிறகும் குளிசை வேலை செய்துகொண்டிருக்கும்

கிளினிக் நாளில் வெறுவயிற்றோடு வந்து இரத்தம் கொடுக்க வேண்டும் என்பது திருகோணமலையில் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கும் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். அன்று காலைக் குளிசையையும் சாப்பாடு வரும்வரை தள்ளிவைக்க வேண்டும் என்பது அந்த அளவுக்குத் தெரிவதில்லை. சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் குளிசையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். அப்படிப் போட்ட குளிசை இரத்தத்தில் சீனியை ஆபத்தாக இறக்கிவிடலாம். மருந்தைத் தவறவிடக் கூடாது என்று அவர்களுக்குப் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தான். ஆகவே அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். நிலாவெளிப் பக்கத்து ஆச்சி ஒருவர், வயது 67. இவர் ஒரு குறிப்பிட்ட ஆளல்ல. கிளினிக் நாட்களில் வழமையாக நடப்பவற்றைச் சேர்த்து வரைந்தவர். முதல் நாள் இரவு ஏழரை மணிக்கு இரண்டு ரொட்டி சாப்பிட்டார். காலை ஐந்தரைக்குச் சீனி போடாத பிளேன்ரீயோடு 80 மில்லிகிராம் கிளிக்கிளசைட் இரண்டும் மெற்போமின் ஒன்றும் எடுத்தார். எட்டேகாலுக்கு இரத்தம் எடுத்தாயிற்று. மகள் பையில் பணிஸ் வைத்திருந்தாள். "டொக்டர் பார்த்த பிறகு சாப்பிடுவம் பிள்ளை, நம்பர் போயிடும்" என்று ஆச்சி மறுத்துவிட்டார். பத்தேகாலுக்குக் கிளினிக் கொப்பியைப் பிடித்திருந்த கை நடுங்கத் தொடங்கியது. நெற்றியும் பிடரியும் நனைந்தன. காரணமில்லாமல் மகளோடு எரிந்து விழுந்தார்.

கச்சான் காற்று வீசும் மாதம். வாங்கில் இருந்த எல்லோருக்கும்தான் வியர்த்தது. பக்கத்தில் இருந்தவர் வெயில் என்றார். இன்னொருவர் பிரஷர் என்றார்.

இந்த இடத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. வெயிலின் வியர்வை உடல் சூடாகி வருவது. நிழலில் இருந்து விசிறினால் அடங்கும். சீனி இறங்கும்போது வரும் வியர்வை சட்டென்று வரும், தொட்டால் தோல் குளிர்ந்து ஈரமாக இருக்கும், முகம் வெளிறியிருக்கும், விசிறினாலும் நிற்காது. அதோடு நடுக்கம், நெஞ்சு படபடப்பு, அகோரப் பசி, காரணமில்லாத பதற்றம், உதட்டைச் சுற்றி விறுவிறுப்பு ஆகியவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து வரும். இரத்தத்தில் சீனி ஒரு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போகும்போது உடல் அதிரினலினையும் அதன் கூட்டாளிகளையும் வெளியே விட்டுக் கல்லீரலில் சேமித்துவைத்த சீனியை இரத்தத்துக்குள் விடச் சொல்கிறது. நாம் காணும் நடுக்கமும் வியர்வையும் அந்த அபாய மணியின் ஓசைதான்.

54-க்குக் கீழே போனால் கதை மாறும். இப்போது பட்டினி கிடப்பது மூளை. பேச்சு குழறும், பார்வை மங்கும் அல்லது இரண்டிரண்டாகத் தெரியும், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் வரும், நடை தள்ளாடும். சிலர் ஒரு பக்கம் பலவீனமாகிப் பக்கவாதம் போலவே தோன்றுவார்கள். சிலரைப் பார்த்தால் குடித்திருக்கிறார் என்று ஊர் ஒதுங்கிப்போகும். இந்தக் கட்டத்தில் நோயாளி தனக்கு என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடியவரல்ல. சீனி கொடுக்கப் போனால் தட்டிவிடுவார், "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். ஆகவே அடையாளம் காணும் பொறுப்பு வீட்டாருடையது. ஆச்சி மகளோடு எரிந்து விழுந்தாரே, கை நடுக்கத்தைவிட அதுதான் எனக்குப் பெரிய செய்தி.

அபாய மணி எல்லோருக்கும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. இரத்த அழுத்தத்துக்கோ நெஞ்சுக்கோ அற்றெனலோல், பைசோப்ரலோல், புரோப்பிரனலோல் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் அமுங்கிப்போகும். வியர்வை மட்டும் அமுங்காது; அது வேறு நரம்பு வழியால் வருவது. இப்படிப்பட்டவருக்குக் காரணமில்லாமல் குளிர்ந்து வியர்த்தால் அதுவே போதிய அடையாளம். அடிக்கடி சீனி இறங்கிப் பழகியவர்களுக்கும் வயது முதிர்ந்தவர்களுக்கும் மணி அடிக்காமலே மூளை மயங்கத் தொடங்கலாம். தூக்கத்தில் நடந்தால் கெட்ட கனவும், விடியும்போது நனைந்த தலையணையும், தலையிடியும்தான் தடயம்.

வியர்த்து நடுங்குவதெல்லாம் சீனி இறக்கமும் அல்ல. பல மாதம் 300-இல் இருந்து பழகிய ஒருவருக்கு மருந்து தொடங்கி 120-க்கு வந்தாலே உடல் பயந்து இதே அறிகுறிகளைக் காட்டும். அவருக்குச் சீனி அள்ளிக் கொடுக்கத் தேவையில்லை, சிறிது சாப்பிட்டு இருந்தால் சில வாரங்களில் பழகிவிடும். மாரடைப்பிலும் குளிர்ந்த வியர்வை கொட்டும். சீனி வருத்தக்காரருக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமலும் வரலாம் என்பதால் இது முக்கியம். அளந்து பார்த்ததில் சீனி சரியாக இருந்து, வியர்வை நிற்கவில்லை, மூச்சு முட்டுகிறது, நெஞ்சோ தாடையோ இடது கையோ அழுத்துகிறது என்றால் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இவற்றைப் பிரித்தறிய வீட்டில் ஒரு குளுக்கோமீற்றர் இருந்தால் வேலை சுலபம். ஆனால் அதையும் ஏமாற்றலாம். அம்மாவுக்குச் சீனித் தண்ணீர் கலக்கிய அதே விரல்களால் அவருடைய விரலைப் பிடித்துக் குத்தினால், தோலில் ஒட்டிய சீனியும் சேர்ந்து 50 இருந்தவருக்கு 150 காட்டும். மாம்பழம் நறுக்கிய கையும் அப்படித்தான். தண்ணீரில் கழுவித் துடைத்து, முதல் துளியைத் துடைத்துவிட்டு, இரண்டாவது துளியில் பாருங்கள். நல்ல கருவியே சற்று முன்பின் காட்டும். ஆகவே அறிகுறிகள் தெளிவாக இருந்து கருவி 74 என்று காட்டினால் வாதாடிக்கொண்டிருக்காமல் சீனி கொடுக்கலாம். கருவியே இல்லையா? இறக்கம் என்றே எண்ணிக் கொடுங்கள். சீனி ஏறியிருந்தவருக்கு நான்கு தேக்கரண்டி கூடிப்போவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இறங்கியிருந்தவருக்குக் கொடுக்காமல் விட்டால் ஆபத்து.

எந்தக் குளிசை

எல்லா நீரிழிவுக் குளிசையும் இதைச் செய்வதில்லை. மெற்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி ஆபத்தாக இறங்குவது அபூர்வம். சிற்றாகிளிப்ரின், லினாகிளிப்ரின், எம்பாகிளிஃபுளோசின், பயோகிளிற்றசோன் போன்றவையும் தனியாக எடுக்கும்போது அப்படித்தான். இறக்குவது சல்பொனைல்யூரியா என்ற குடும்பம்: கிளிக்கிளசைட், கிளிமெபிரைட், கிளிபென்கிளமைட், கிளிப்பிசைட், டொல்பியூட்டமைட். உங்கள் குளிசைப் பையில் இவற்றில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் இனி வரப்போவதெல்லாம் அந்த ஒன்றைப் பற்றியதுதான். இன்சுலின் போடுபவர்களுக்கும் இறங்கும். அது வேறு கணக்கு.

இந்தக் குடும்பம் கணையத்தைப் பிடித்து இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. சாதாரண உடலில் கணையம் இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்த்துத்தான் இன்சுலினை விடும். சீனி குறைந்தால் நிறுத்திவிடும். சல்பொனைல்யூரியா அந்தச் சுரப்பிக் கலங்களில் பொற்றாசியம் வெளியேறும் வாசலை மூடிவிடுகிறது. வாசல் மூடினால் கலம் "சீனி வந்துவிட்டது" என்று எண்ணி இன்சுலினை விடுகிறது, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். வாளி நிறைந்ததா என்று பாராமல் ஓடிக்கொண்டிருக்கும் குழாய் அது. சாப்பாடு நேரத்துக்கு வரும்வரை எல்லாம் சரியாகத் தெரியும். சாப்பாடு வராத நாளில்தான் குழாய் திறந்து கிடப்பது தெரியவரும்.

ஆச்சி ஐந்தரைக்கு எடுத்த கிளிக்கிளசைட் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்துக்கு வரும். அதாவது ஒன்பதரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில். பத்தேகாலுக்குக் கை நடுங்கியதில் வியப்பில்லை. கடைசியாகச் சாப்பிட்டுப் பதினைந்து மணி நேரத்துக்குக் கிட்ட ஆகியிருந்தது.

முதல் பதினைந்து நிமிடம்

மகள் ஓடிப்போய் எதிர்க் கடையில் பால்ரீ வாங்கி வந்தாள். சீனி போடவில்லை, "அம்மாவுக்குச் சீனி வருத்தம்" என்று கடைக்காரரிடமும் சொல்லியிருந்தாள். கூடவே இரண்டு மாரி பிஸ்கட். அன்பால் செய்தது, ஆனால் அந்த நேரத்துக்கு உதவாதது. பாலில் இருக்கும் கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதிக்கும். பிஸ்கட் மா செரித்துச் சீனியாக வேண்டும். சொக்லேற்றுக்கும் கொழுப்புதான் தடை. இரத்தத்துக்கு உடனே போய்ச் சேரும் சீனி வேண்டிய நேரத்தில் இவை பின்வாசலால் வருபவை.

வேண்டியது 15 முதல் 20 கிராம் சுத்தமான சீனி. வீட்டுக் கணக்கில், தலைதட்டிய நான்கு தேக்கரண்டிச் சீனியை அரைக் குவளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பது. குளுக்கோஸ் பவுடர் இருந்தால் அதுவே சிறப்பு. அளவு ஏறக்குறைய அதுதான். சுடு பிளேன்ரீயில் சீனி போட்டுக் கொடுத்தாலும் வேலை செய்யும், ஆனால் ஊதி ஊதிக் குடிக்க நேரம் போகும், நடுங்கும் கையில் கொட்டினால் சுடும். பனங்கட்டியைக் கடித்துச் சப்புவதும் மெதுவான வழி. தூளாக்கிக் கரைத்துக் கொடுக்கலாம்.

இளநீர் கொடுக்கலாமா என்று நம் ஊரில் யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். தாகத்துக்கு நல்லது, ஆனால் ஒரு குவளை இளநீரில் உள்ள சீனி இதற்குப் போதாது. சோடாப் போத்தலிலும் கவனம் வேண்டும். இலங்கையில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்ப நிறக் குறி இருக்கிறது. பச்சைக் குறி என்றால் 100 மில்லிலீற்றரில் 2 கிராமுக்கும் குறைவு. எத்தனை போத்தல் குடித்தாலும் நடுக்கம் நிற்காது. மஞ்சளில் 2 முதல் 11 கிராம் வரை எதுவும் இருக்கலாம். 6 கிராம் என்று அச்சிட்டிருந்தால் 250 மில்லிலீற்றர் வேண்டும். இந்தக் கணக்கைப் பதற்றத்தில் போடுவதைவிடச் சீனித் தண்ணீர் நிச்சயமானது.

அக்கார்போஸ் என்ற குளிசையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு. அது சாதாரணச் சீனி குடலில் உடைவதைத் தடுக்கும். அவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடர் மட்டுமே விரைவாக வேலை செய்யும். அந்தக் குளிசை வீட்டில் இருந்தால் ஒரு பெட்டி குளுக்கோஸும் இருக்க வேண்டும்.

கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் பொறுக்க வேண்டும். இதுதான் மிகக் கடினமான பகுதி. சீனி குடலால் இரத்தத்துக்கு வந்து, நடுக்கம் அடங்க அவ்வளவு நேரம் எடுக்கும். ஐந்து நிமிடத்தில் "இன்னும் நடுங்குகிறாரே" என்று இன்னொரு குவளை, அதற்குப் பிறகு ஒரு துண்டு கேக் என்று அடுக்குபவர்கள் உண்டு. ஒரு மணி நேரத்தில் 300 ஆகிவிடும். பதினைந்து நிமிடத்தின் பின் மறுபடி அளந்து, 70-க்குக் கீழே என்றால் அதே அளவு மறுபடி. மேலே வந்தால் சாப்பாடு.

ஆச்சியின் மகள் பால்ரீயோடு நிற்பதைக் கண்ட தாதி விரலைக் குத்திப் பார்த்தார்: 52. சீனித் தண்ணீர் கொடுத்தார்கள். பதினைந்து நிமிடத்தில் 66. மறுபடி நான்கு தேக்கரண்டி. அடுத்த பதினைந்தில் 94. வியர்வை காய்ந்தது, ஆச்சி சிரித்தார், பணிஸைச் சாப்பிட்டார்.

அவர் விழுங்க முடியாத நிலையில் இருந்திருந்தால் கதை வேறு. கூப்பிட்டால் கண் திறக்காதவருக்கு, வலிப்பு வருபவருக்கு, ஒரு மிடறு தண்ணீரையும் விழுங்காதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, தேனும் கூடாது, சுவாசப்பைக்குள் போய்விடும். இடது பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, 1990-க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். "சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவர், மயங்கிவிட்டார்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். குளிசைப் பையைக் கையோடு கொண்டுபோங்கள். வெருகல், குச்சவெளி போன்ற தூர ஊர்களில் அருகிலுள்ள வைத்தியசாலைக்கு முதலில் போவது நல்லது. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்ற நகரம்வரை போக வேண்டியதில்லை.

அன்று பின்னேரம்

94 என்றதும் எல்லோரும் கதை முடிந்ததாக எண்ணினார்கள். இந்தக் கட்டுரை எழுதப்பட்டது அந்த எண்ணத்துக்கு எதிராகத்தான்.

ஆச்சி டொக்டரிடம் பழைய கதையையெல்லாம் சொன்னார். காலையில் நடந்ததைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து களைப்பில் நான்கு வாய் சோறு சாப்பிட்டுப் படுத்தார். நான்கு மணிக்கு மகள் தட்டியெழுப்பியபோது சட்டை நனைந்திருந்தது. பேத்தியை இறந்துபோன தன் தங்கையின் பெயரால் அழைத்தார். 49.

குவளைத் தண்ணீரில் கரைத்த சீனி ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம் உதவும். பணிஸ் இன்னும் கொஞ்சம். ஆனால் இரத்தத்திலுள்ள கிளிக்கிளசைட் பாதியாகக் குறையவே பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். மெதுவாகக் கரையும் வகைக் குளிசை என்றால் ஒரு நாள் முழுவதும் வேலை செய்யும். கிளிமெபிரைட்டும் ஒரு நாள். கிளிபென்கிளமைட் இவற்றில் மிக மோசமானது. உடைந்த பிறகும் வேலை செய்யும் துண்டுகளாகி, சிறுநீரகத்தால்தான் வெளியேற வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் 2013-இல் அதன் இடத்தில் கிளிக்கிளசைட்டை வைத்து, 60 வயதுக்கு மேல் கிளிபென்கிளமைட் பொருந்தாது என்று குறித்தது. யாருடைய வீட்டிலாவது முதியவருக்கு இன்னும் அந்தக் குளிசை இருந்தால் அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சல்பொனைல்யூரியா ஏற்றிவைத்த கணையம் நாம் கொடுக்கும் சீனிக்கும் கூடுதலாக இன்சுலின் விட்டுப் பதில் சொல்லும். ஆகவே வெறும் சீனி மட்டும் கொடுத்துவிட்டுச் சாப்பாடு கொடுக்காமல் விட்டால், ஏறிய சீனி சில மணி நேரத்தில் மறுபடி சரியும். 70 தாண்டியதும் பாண், சோறு, இடியப்பம், வாழைப்பழத்தோடு பிஸ்கட் என்று மெதுவாகச் செரிக்கும் ஏதாவது ஒன்று வயிற்றுக்குப் போக வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். நான்கு வாய்ச் சோறு அந்தக் கணக்கில் சேராது. அன்று முழுவதும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும், படுக்கப்போகும் முன்பும், நடுச்சாமம் கழிந்து இரண்டு மூன்று மணியளவில் ஒருமுறையும் அளக்க வேண்டும். முச்சக்கரவண்டி ஓட்டுபவரோ, படகில் போகிறவரோ என்றால் சீனி சரியாகியும் முக்கால் மணி நேரம் சாவியைத் தொடக் கூடாது. இரத்தம் சரியானாலும் மூளை பின்னால்தான் வந்து சேரும்.

மகளுக்கு அன்று இரவு இன்னொரு கேள்வி. ஆறரைக்குப் போடவேண்டிய அடுத்த கிளிக்கிளசைட்டை என்ன செய்வது? போடக் கூடாது. சீனி இறங்கிய நாளில் அந்தக் குடும்பத்துக் குளிசையின் அடுத்த வேளையை ஒரு வைத்தியரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். மெற்போமின் போன்ற மற்றவற்றையும், அழுத்தக் குளிசையையும் தாமாக நிறுத்தவும் வேண்டாம். ஆச்சியின் விடயத்தில் கேள்வி அதைவிடப் பெரியது. ஒரே நாளில் இரண்டாவது இறக்கம், புத்தி தடுமாறியது, வயது 67. இதில் ஒன்று இருந்தாலே வைத்தியசாலைக்குப் போகலாம். மூன்றும் இருக்கும்போது வீட்டில் சீனித் தண்ணீரோடு விடியும்வரை காவல் இருப்பது சூதாட்டம். விழுங்கக்கூடியவராக இருந்ததால் சீனித் தண்ணீர் கொடுத்துவிட்டு உடனே கொண்டுபோனார்கள்.

வைத்தியசாலையில் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றி, அதைத் தொடர்ந்து மெதுவாக ஓடவிட்டு, மணிக்கு மணி விரலைக் குத்திப் பார்ப்பார்கள். குளிசையால் வந்த இறக்கத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் வைத்துப் பார்ப்பது வழக்கம். "120 வந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம்" என்று கையெழுத்து வைத்து இழுத்துக்கொண்டு போகும் உறவினர்களை எந்த வார்ட்டிலும் காணலாம். 120 அங்கே ஏறிக்கொண்டிருக்கும் போத்தலின் எண். நோயாளியின் எண் அல்ல. போத்தலைக் கழற்றிப் பல மணி நேரம் சாப்பாட்டோடு மட்டும் நிலைத்து நின்றால்தான் அது அவருடையது. குளுக்கோஸ் ஏற்றியும் திரும்பத் திரும்ப விழுந்தால் ஒக்ரியோரைட் என்ற ஊசியால் கணையம் இன்சுலின் விடுவதையே நிறுத்திவைப்பார்கள்.

ஏன் இப்போது

ஆச்சி இதே குளிசையை ஆறு வருடமாக எடுத்தவர். கிளினிக் நாட்களில் இதற்கு முன்பும் வெறுவயிற்றில் போட்டுக்கொண்டு வந்தவர்தான். அப்போதெல்லாம் வராதது இப்போது ஏன் வந்தது? சீனியைச் சரிசெய்வதைவிட இந்தக் கேள்வி கடினமானது. பெரும்பாலும் கேட்கப்படாமல் போவதும் இதுதான். "சாப்பிடாமல் இருந்தார், இறங்கிவிட்டது" என்ற பதிலோடு வீட்டுக்கு அனுப்பினால் மூன்று வாரத்தில் திரும்பி வருவார்.

அவருடைய இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் 38 என்று வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கொப்பியில் 61. சிறுநீரகம் தளரும்போது மருந்து மட்டுமல்ல, உடலின் சொந்த இன்சுலினும் மெதுவாகவே வெளியேறும். பழைய அளவு இப்போது கூடிய அளவாகிவிடுகிறது. அதோடு நான்கு நாட்களாகச் சிறுநீர் எரிவுக்குத் தனியார் பார்மசியில் கோ-டிரைமொக்சசோல் வாங்கி எடுத்துக்கொண்டிருந்தார். அது கிளிக்கிளசைட் கல்லீரலில் உடைவதைத் தடுத்து அதன் அளவை உயர்த்தும். பங்கசுக்குக் கொடுக்கும் ஃபுளுக்கொனசோலும், கிளாரித்ரோமைசினும், சிப்ரோஃபுளொக்சசினும் இதே வகைத் தொல்லை தரக்கூடியவை. சீனிக் குளிசை எடுப்பவர் எந்த அன்ரிபயோற்றிக் வாங்கினாலும் அந்தச் செய்தியை மருந்து கொடுப்பவரிடம் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

வேறு வீடுகளில் காரணம் வேறாக இருக்கும். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு பெயரிலும், தனியார் வைத்தியரிடம் இன்னொரு வியாபாரப் பெயரிலும் அதே கிளிக்கிளசைட்டை வாங்கி இரண்டையும் விழுங்குவது நடக்கிறது. பல் கழற்றிய பிறகு சாப்பாடு பாதியாவது, வயிற்றோட்டம், மெலிவு, வெறுவயிற்றுச் சாராயம் எல்லாம் இதே இடத்தில் கொண்டுவந்து விடும். விரதமும் அப்படித்தான். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் ஒருவேளை உணவோடு இருந்து கோணேசர் மலைக்கு ஏறுபவரும், கிண்ணியாவிலோ மூதூரிலோ நோன்பு பிடிப்பவரும் குளிசை நேரத்தையும் அளவையும் முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும், நோன்பு தொடங்குவதற்குச் சில வாரம் முன்னரே. நோன்பில் 70-க்குக் கீழே போனால் அதை முறித்துச் சீனி எடுக்க வேண்டும். "விரல் குத்தினால் நோன்பு முறியும்" என்ற பயத்தில் அளக்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். குத்துவதால் நோன்பு முறிவதில்லை என்பதே அறிஞர்கள் பலரின் கருத்து, ஐயமிருந்தால் உங்கள் மௌலவியைக் கேட்கலாம்.

கிளினிக் நாளுக்கு நான் சொல்லும் வழி எளிது. கிளிக்கிளசைட்டைப் பணிஸோடு சேர்த்துப் பையில் வையுங்கள். இரத்தம் எடுத்தவுடன் இரண்டையும் ஒன்றாக எடுங்கள். டொக்டர் பார்க்கும்வரை சாப்பாட்டுக்குக் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. இரத்தம் குழாய்க்குள் போய்விட்டது.

ஆச்சியின் கொப்பியில் இன்னொரு எண்ணும் இருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 6.1. அதற்குப் பக்கத்தில் யாரோ "நன்று" என்று எழுதியிருந்தார்கள். நாற்பது வயதுக்காரர் மெற்போமின் மட்டும் எடுத்து 6.1-இல் இருந்தால் நன்றுதான். 67 வயதில், தளர்ந்த சிறுநீரகத்தோடு, சல்பொனைல்யூரியா எடுத்து 6.1 என்றால் மருந்து கூடிவிட்டது என்றே அதைப் படிக்க வேண்டும். கூடிய நேரங்களும் குறைந்த நேரங்களும் கலந்து வந்த சராசரி அது. இப்படிப்பட்டவர்களுக்கு 7 முதல் 8 வரை இருந்தாலே போதும் என்பது இன்றைய நடைமுறை.

கிளிக்கிளசைட்டை நிறுத்தினார்கள். சிறுநீரக நிலைக்கு ஏற்ப மெற்போமினை நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேற்படாமல் வைத்து, சீனியை இறக்கிவிடாத லினாகிளிப்ரினைச் சேர்த்தார்கள். இரண்டு வாரத்துக்குக் காலைச் சாப்பாட்டுக்கு முன்பும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் அளந்து கொப்பியில் எழுதச் சொன்னார்கள். முதல் வாரத்தில் 180, 190 என்று வரும். அதைக் கண்டு பயந்து பழைய குளிசையைத் தேடி எடுக்க வேண்டியதில்லை. 250-க்கு மேலேயே தொடர்ந்து நின்றாலோ, தாகமும் சிறுநீரும் கூடினாலோ அடுத்த திகதிவரை காத்திராமல் போக வேண்டும். வீட்டில் மிஞ்சியிருக்கும் கிளிக்கிளசைட் உறைகளை அடுத்த கிளினிக்கில் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேசை லாச்சியில் கிடந்தால், ஒரு நாள் மெற்போமின் முடிந்துபோகும்போது யாராவது அதை எடுத்துக் கொடுப்பார்கள்.